ரசம் போன ஓரத்தைத் துடைக்க முடியாது, நிறுத்த முடியும்

“பழைய பாத்ரூம் கண்ணாடி. ஓரமெல்லாம் கருப்புப் புள்ளி விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறிக்கொண்டே வருகிறது. வினிகர், சமையல் சோடா, டூத்பேஸ்ட் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன், போகவில்லை. பின்பக்கம் பெயிண்ட் உரிந்திருக்கிறது. அப்பா மாட்டிய கண்ணாடி, தூக்கிப் போட மனசில்லை. எதைப் போட்டுத் துடைத்தால் போகும்?”

எதைப் போட்டாலும் போகாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னும் நாலு பொருளை வாங்கித் தேய்ப்பீர்கள், கண்ணாடி இன்னும் சீக்கிரம் கெடும். தூத்துக்குடியில் முப்பது வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறேன், சட்டம் போடுகிறேன். கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் உள்ள ஊர் என்பதால் வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு கடைக்கு வருவார். அந்தக் கருப்பு, கண்ணாடியின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ரசம் கெட்டுப்போன இடம். அதைத் துடைக்க முடியாது. ஆனால் மேலும் பரவாமல் தடுக்கலாம், கெட்ட ஓரத்தை வெட்டி எடுக்கலாம், அல்லது மறைக்கலாம். உங்கள் கண்ணாடிக்கு எது பொருந்தும் என்பது அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது, கருப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பின்னால் பெயிண்ட் உரிந்திருப்பதாக நீங்களே சொல்வதால் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் ஒரு நிமிடம் செலவழித்து உறுதி செய்துகொள்ளுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளியைக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். அது முன்பக்கம் ஒட்டிய கறை என்றால், அதற்குச் சற்றுப் பின்னால் அதன் நிழல்போல இன்னொரு பிம்பம் தெரியும், ஒன்று இரண்டாகத் தெரியும். ரசத்திலேயே உள்ள புள்ளிக்கு இரட்டை கிடையாது. எங்கேயாவது கரை கட்டியதுபோல வெள்ளையாக, நகத்தில் சொரசொரவென்று பட்டால் அது உப்புக்கறை. அதற்கு மட்டும்தான் வினிகரோ எலுமிச்சையோ வேலை செய்யும். அதையும் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். கண்ணாடியைச் சுற்றிப் பூசிய சிலிக்கானில் கருப்பாக இருந்தால் அது பூஞ்சை, அதைச் சிலிக்கானோடு சேர்த்து அறுத்து எடுத்துவிடலாம். இந்த இரண்டும் இல்லாமல், வழவழப்பான கண்ணாடிக்கு உள்ளே கருப்பு தெரிகிறதென்றால் ரசம்தான்.

ரசம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே பழைய கதை. ஒரு காலத்தில் வெள்ளீயத் தாளின் மேல் பாதரசத்தை ஊற்றி, அந்தக் கலவையைக் கண்ணாடியோடு அழுத்தி ஒட்ட வைத்துத்தான் முகம் பார்க்கும் கண்ணாடி செய்தார்கள். 1835-ல் யூஸ்டஸ் வான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஒரு கரைசலிலிருந்து வெள்ளி அப்படியே கண்ணாடிச் சுவரில் படிவதைக் கவனித்தார். 1850களில் அதைக் கண்ணாடி செய்யும் முறையாகவே கொண்டுவந்தார். அப்புறம் மெல்ல மெல்லப் பாதரசம் போய் வெள்ளி வந்துவிட்டது. நாம் மட்டும் ‘ரசம் போன கண்ணாடி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அப்பா மாட்டியதில் இருப்பது பெரும்பாலும் வெள்ளி ரசமாகத்தான் இருக்கும்.

அந்த வெள்ளி எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால் ஏன் தேய்க்கக் கூடாது என்பது புரியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு, ஏறக்குறைய அவ்வளவுதான். அதன்மேல் பாதுகாப்புக்காக இன்னும் மெல்லிய செம்புப் பூச்சு, அதற்கும் மேல் ஒன்றிரண்டு கோட்டிங் பெயிண்ட். பின்பக்கம் கையில் தட்டுப்படுவது அந்தப் பெயிண்ட் மட்டும்தான். அகலமான பக்கத்தில் பெயிண்ட் காவல் இருக்கிறது. ஆனால் கண்ணாடியை வெட்டும் இடத்தில் வெள்ளி, செம்பு, பெயிண்ட் மூன்றின் விளிம்பும் திறந்தே கிடக்கும். வெட்டும்போதும் ஓரம் தேய்க்கும்போதும் பெயிண்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிதறியிருக்கும். தண்ணீர் அந்த வழியாக நுழைந்து பெயிண்டுக்கு அடியில் ஊர்கிறது. முதலில் செம்பு அரிக்கிறது, அப்புறம் வெள்ளி கறுக்கிறது, பிறகு தூளாகி விலகுகிறது. அரித்த உப்பு பெயிண்டை மேலே தூக்கிவிட, இன்னும் தண்ணீர் உள்ளே போக வழி கிடைக்கிறது. அதனால்தான் தொடங்க வருடக்கணக்கில் ஆனாலும், தொடங்கிய பிறகு வேகமாக ஏறுவதுபோலத் தெரிகிறது.

எந்த ஓரத்தில் கருப்பு அதிகம் என்று பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும். கீழ் ஓரம் மட்டும் கறுத்திருந்தால், துடைக்கும்போதும் முகம் கழுவும்போதும் வழிந்த தண்ணீர் அங்கே தொங்கி நின்றிருக்கிறது, அல்லது கண்ணாடி நேராகக் கல் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேல் ஓரமும் பக்கங்களும் என்றால் சுவரில் ஈரம் கசிகிறது, அல்லது கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் நீராவி போய் மாட்டிக்கொள்கிறது. திருகு போட்ட ஓட்டைகளைச் சுற்றி வளையமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஓட்டையின் விளிம்பும் வெட்டிய ஓரம்தான். ஓரத்தோடு சம்பந்தமே இல்லாமல் நடுவில் திட்டுத் திட்டாக வந்தால், பின்னால் வைத்து ஒட்டிய பசைதான் காரணம். குறிப்பாக, பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை ரசத்தின் மேல் வைக்கவே கூடாது. காயும்போது அது வெளிவிடும் அமிலம் பெயிண்டைத் தாண்டி வெள்ளியைத் தின்னும்.

தண்ணீரைவிட மோசமானது ஒன்று உண்டு, டைல்ஸ் கழுவ ஊற்றும் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு சொட்டுக்கூடக் கண்ணாடியில் படவில்லை என்று சொல்வார்கள். பட வேண்டியதே இல்லை. மூடிய பாத்ரூமில் எழும் அதன் புகையே கண்ணாடியின் பின்பக்கம் போய் ஈரத்தில் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். பிளீச்சிங் பவுடரும் அதே வேலையைத்தான் செய்யும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானை நேராகக் கண்ணாடியில் பீய்ச்சினால் அது வழிந்து கீழ் ஓரத்தில் தேங்கும், செம்புக்கு அம்மோனியா ஆகவே ஆகாது. நீங்கள் போட்டுத் தேய்த்த வினிகரும் ஓரம் வழியாகக் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம். அதனால் இன்றோடு அதை நிறுத்துங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கண்ணாடி திருகிலோ கிளிப்பிலோ மாட்டியிருந்தால் கழற்றியே ஆக வேண்டும், சுவரில் இருக்கும்போது பின்பக்கத்தைக் காய வைக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும், காலில் செருப்பல்ல, ஷூ. முன்பக்கம் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல அகலமான டேப்பை ஒட்டிவிடுங்கள், தப்பித் தவறி உடைந்தாலும் துண்டுகள் சிதறாது. பழைய திருகு துருப்பிடித்திருக்கும். ஒரே திருகை முழுதாகக் கழற்றாமல், நான்கையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாறி மாறித் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் தளர்த்தி மற்றது இறுக்கமாக இருந்தால் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். வரவில்லை என்றால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். மொத்தமாகப் பசை வைத்துச் சுவரோடு ஒட்டிய கண்ணாடி என்றால் கழற்ற முயல வேண்டாம். பத்துக்கு ஏழு கண்ணாடி கழற்றும்போதே போய்விடுகிறது, என் கையிலும் போயிருக்கிறது. அதற்கு வேறு வழி கீழே சொல்கிறேன்.

கழற்றியதும் முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கருப்பாகத் தெரிந்த சில இடங்களில் வெளிச்சம் ஊடுருவும். அங்கே ரசமே இல்லை, பின்னால் இருந்த இருட்டுத்தான் கருப்பாகத் தெரிந்திருக்கிறது. சில இடங்களில் வெளிச்சம் வராமல் பழுப்பாகவே நிற்கும். அங்கே வெள்ளி இன்னும் இருக்கிறது, கறுத்துவிட்டது. நகை வெள்ளியைப் போல இதையும் புளி போட்டுத் துலக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. துலக்க வேண்டிய முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறது, அதைத் தொட வழியில்லை. பின்பக்கமிருந்து தொட்டால் அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வெள்ளியும் துணியோடு வந்துவிடும்.

பின்பக்கம் மெத்தென்ற பெயிண்ட் பிரஷால் தட்டுங்கள். தானாக உதிரும் பெயிண்ட் மட்டும் உதிரட்டும். பிளேடு, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். கெட்ட இடத்தின் எல்லையில் பெயிண்ட் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அடியில் பிடிப்பு இருக்காது, சுரண்டினால் நல்ல ரசமும் சேர்ந்து உரியும். அதோடு பழைய கண்ணாடிகளின் பின் பெயிண்டில் ஈயம் கலந்திருந்தது. அதைத் தேய்த்துத் தூளாக்கிச் சுவாசிக்கக் கூடாது. உதிர்ந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் தாளில் மடித்துப் போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அடுத்து, பின் ஓரங்களில் தங்கிய உப்பும் அமிலமும் போக வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஓரத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பே திரும்பவும் அங்கே உட்காரும். பிறகு காய வைக்க வேண்டும், இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பெயிண்டுக்கு அடியில் ஊறிய ஈரம் ஒரு மணி நேரத்தில் போகாது. காற்றோட்டமான அறையில், வெயில் நேராகப் படாமல், சுவரில் சாய்த்து மூன்று நாள் வையுங்கள். மழைக்காலம் என்றால் ஒரு வாரம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், மூடாமல் விட்டதைவிடச் சீக்கிரம் கெடும்.

காய்ந்த பிறகு ஓரத்தை அடைக்க வேண்டும். கண்ணாடி ஓரத்துக்கென்றே எட்ஜ் சீலர் கிடைக்கும், பெரிய கண்ணாடிக் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நல்ல எனாமல் பெயிண்ட் போதும். முதலில் ஒரு மூலையில் சின்னதாகத் தடவி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பழைய பெயிண்ட் சுருங்கியோ குமிழ் விட்டோ வந்தால் அதில் உள்ள தின்னர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், வேறு பெயிண்டுக்குப் போங்கள். ஒத்துக்கொண்டால், வெட்டிய விளிம்பின் மேலும், அங்கிருந்து பின்பக்கம் உள்ளே இரண்டு நூல், அதாவது கால் அங்குல அகலம் வரையும், பெயிண்ட் உதிர்ந்த இடங்கள் மேலும் மெல்லிய கோட்டிங் அடியுங்கள். ஒரு நாள் விட்டு இன்னொரு கோட்டிங். திருகு ஓட்டைகளின் உள் விளிம்பை மறக்காதீர்கள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வேண்டாம், அது தண்ணீரில் கரைத்த பெயிண்ட், ஈரத்தை விடும். நகப்பூச்சு தடவச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. கடுகளவு சிதறலுக்குப் பரவாயில்லை, ஓரம் முழுக்கத் தடவ அது சரிப்படாது, அதில் உள்ள கரைப்பான் பழைய பெயிண்டை இளக்கிவிடும்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நல்ல ரசம் உள்ள புதுக் கண்ணாடியின் ஓரத்தை மாட்டுவதற்கு முன்பே அடைத்தால் அது பல வருடம் தாங்கும், அது உறுதி. ஏற்கெனவே அரிக்கத் தொடங்கிய கண்ணாடியில் அடைப்பது பரவலைத் தாமதப்படுத்தும், அதுவும் உறுதி. ஆனால் முழுதாக நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு தூரம் அரிப்பின் உப்பு போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதனால்தான் கருப்பு ஒரு அங்குலத்தைத் தாண்டிவிட்டால், அடைப்பதைவிட வெட்டி எடுப்பதையே நான் சொல்வேன்.

போன வருடம் ஒரு அம்மா கொண்டுவந்த கண்ணாடியை வைத்து இதைச் சொல்கிறேன். 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம், 4 எம்.எம். நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, டைல்ஸோடு ஒட்ட வைத்துத் திருகு முடுக்கியிருந்தார்கள். கீழ் ஓரம் கடப்பாக் கல் திட்டின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. கருப்பு கீழே முழு நீளத்துக்கும் முக்கால் அங்குலம், கீழ் மூலை ஓட்டைகளைச் சுற்றி ஒன்றேகால் அங்குலம் வரை. மேலே ஓட்டைகளைச் சுற்றி நாணயம் அளவுக்கு வளையம், பக்கங்களில் ஒன்றுமில்லை. வாரா வாரம் ஆசிட் ஊற்றித் தரை கழுவுவதாகச் சொன்னார். கீழிருந்து இரண்டு அங்குலத்தை வெட்டி எடுத்தேன். தெரியும் கருப்பு ஒன்றேகால்தான், ஆனால் நல்லதாகத் தெரிந்த இடத்துக்குள்ளும் அரை அங்குலமாவது போக வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது ஆறு மாதத்தில் புது ஓரமாகத் தலைகாட்டும். வெட்டி எடுத்த துண்டின் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது, கருப்பு தெரியாத இடத்திலும் கால் அங்குலத்துக்குச் செம்பு பச்சை பிடித்திருந்தது. வெட்டியதோடு கீழ் ஓட்டைகள் இரண்டும் போய்விட்டன.

மேல் ஓட்டைகளின் வளையத்தைப் பெரிய மூடி போட்ட திருகு மறைத்துவிட்டது. கீழே இரண்டு கிளிப், கிளிப்புக்குள் சின்ன ரப்பர் துண்டு, கண்ணாடி உலோகத்தில் நேராக உட்காராமல் இருக்க. சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒவ்வொரு திருகிலும் ஒரு நூல் கனத்தில் பிளாஸ்டிக் வாஷர். அந்த ஒரு நூல் இடைவெளியில் காற்று ஓடினால் போதும், பின்னால் ஈரம் தங்காது. கீழ் ஓரத்துக்கும் கல் திட்டுக்கும் இரண்டு அங்குலம் தானாகவே கிடைத்துவிட்டது. புது ஓரத்தையும் பழைய மூன்று ஓரத்தையும் மேலே சொன்னபடி இரண்டு கோட்டிங் அடைத்தேன். கண்ணாடி சின்னதாகிவிட்டதே என்று முதலில் அவருக்கு வருத்தம். மாட்டிப் பார்த்தபின் முகம் முழுதாகத் தெரிகிறது என்றார்.

பழைய கண்ணாடியை வெட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டே கடைக்குப் போங்கள். ஓரத்தில் பொடிச் சில்லுகளும் பழைய கீறல்களும் இருந்தால், கண்ணாடி வெட்டும் டைமண்ட் போட்ட கோட்டை விட்டு விரிசல் வேறு வழியில் ஓடும். ஓட்டைக்கு நெருக்கமாக வெட்டுவதும் அப்படித்தான். ஓட்டையை முழுதாக வெட்டுத் துண்டோடு விட வேண்டும், அல்லது நன்றாகத் தள்ளி வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் “உடைந்தால் நான் பொறுப்பில்லை” என்று கடைக்காரர் சொன்னால் கோபப்படாதீர்கள், நேர்மையாகச் சொல்கிறார். அப்பாவின் கண்ணாடி என்பதால், உடையும் சாத்தியமே வேண்டாம் என்று நினைத்தால் வெட்ட வேண்டாம், மறைக்கலாம்.

மறைப்பதில் எனக்குப் பிடித்தது சட்டம். கருப்பு ஒரு அங்குலம் என்றால் ஒன்றரை அங்குலம் மூடும் சட்டம். பாத்ரூமுக்கு மரத்தைவிட அலுமினியமோ பி.வி.சி.யோ நல்லது. ஆனால் சட்டத்தின் கீழ்ப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் கண்ணாடி அதில் ஊறிக்கொண்டே இருக்கும். கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடிய இரண்டு சின்ன ஓட்டை போடச் சொல்லுங்கள், கண்ணாடியைப் பள்ளத்தின் அடியில் படாமல் இரண்டு ரப்பர் துண்டின் மேல் உட்கார வையுங்கள். இதைச் செய்யாமல் சட்டம் போட்டு, இரண்டு வருடத்தில் சட்டத்துக்கு மேலே கருப்பு எட்டிப் பார்த்த கண்ணாடிகள் எனக்குத் திரும்பி வந்திருக்கின்றன. சட்டம் வேண்டாமென்றால், ஆபீஸ் கண்ணாடிக் கதவில் ஒட்டுவார்களே, அந்தப் பால் நிறப் பட்டையை ஒன்றரை அங்குலத்தில் நறுக்கி முன்பக்கம் நாலு ஓரமும் ஒட்டலாம். செலவு மிகக் குறைவு, பார்க்கவும் வேண்டுமென்றே போட்ட கரைபோல இருக்கும்.

பின்னால் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது, அலுமினியத் தாள் ஒட்டுவது என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரசம் முழுதாகப் போய் வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் மட்டும் இவை கொஞ்சம் உதவும், கருப்பு சாம்பல் நிறமாக மாறும், தூரத்திலிருந்து உறுத்தாது. ஆனால் பழைய வெள்ளியும் புது ஸ்பிரேயும் ஒரே நிறத்தில் இருக்காது, இரண்டும் சேரும் கோடு தெரியும். கறுத்தும் உதிராமல் இருக்கும் இடத்தில் இவற்றால் எந்தப் பயனும் இல்லை, கருப்பு முன்னால் இருக்கும், ஸ்பிரே அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். புதிதாக ரசம் பூசுவதென்றால் பழையதை முழுக்க நீக்கி, கண்ணாடியைத் துளி அழுக்கில்லாமல் கழுவி, வெள்ளி நைட்ரேட் கரைசல் ஊற்ற வேண்டும். சாதாரண 4 எம்.எம். கண்ணாடிக்கு அது கட்டுப்படியாகாது. பூ வெட்டிய பழைய பெல்ஜியம் கண்ணாடி போன்றவற்றுக்குத்தான் அந்தச் செலவு தகும். வீட்டில் அந்தக் கரைசலைக் கலக்கிப் பார்க்க வேண்டாம், கலந்து வைத்தால் நாள்பட வெடிக்கக்கூடிய பொருள் அதில் உருவாகும்.

பழையது என்று சொன்னதால் ஒரே ஒரு எச்சரிக்கை. கழற்றிப் பார்க்கும்போது பின்பக்கம் பெயிண்டே இல்லாமல் மங்கிய சாம்பல் நிற உலோகமாக இருந்து, கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளித் துளிகள் உருண்டால் அது பாதரசக் கண்ணாடி. பாத்ரூமில் அது இருப்பது மிக அரிது, பாட்டன் வீட்டு முன்கூடத்திலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தால் மட்டுமே சாத்தியம். அதைத் துடைக்காதீர்கள், சூடுபடுத்தாதீர்கள், நிமிர்த்திய வாக்கிலேயே வைத்து விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

சரி, சுவரோடு முழுக்க ஒட்டிய கண்ணாடிக்கு வருகிறேன். இரண்டு நாள் அந்தப் பாத்ரூமில் குளிக்காமல், ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓரத்தை நோக்கி வையுங்கள். காய்ந்ததும் மேல் ஓரத்துக்கும் இரு பக்கத்துக்கும் நியூட்ரல் சிலிக்கானை மெல்லிய கோடாக இழுங்கள். வாங்கும்போதே நியூட்ரல்தானா என்று கேட்டு வாங்குங்கள், தடவியதும் வினிகர் வாடை வந்தால் தவறானது, உடனே துடைத்துவிடுங்கள். கீழ் ஓரத்துக்குச் சிலிக்கான் வேண்டாம். மேலே எங்கேயாவது ஈரம் நுழைந்தால் அது வடிய ஒரு வழி வேண்டும். கீழ் விளிம்பில் சின்ன பிரஷால் எனாமல் மட்டும் தடவுங்கள். கழற்றிச் செய்வதற்கு இது ஈடாகாது, பாதிப் பலன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் துடைக்கும்போது வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கண்ணாடியில் நேராக எதையும் பீய்ச்ச வேண்டாம், துணியில் பீய்ச்சித் துடையுங்கள், கடைசியில் காய்ந்த துணியால் கீழ் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். தரைக்கு ஆசிட் ஊற்றியே ஆக வேண்டுமென்றால் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளியே வையுங்கள். நாலு திருகுதானே.

கடைசியாக, மாட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கருப்பு அதிகமாக ஏறியிருக்கும் இடத்தில் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து, பின்பக்கம் மூலையில் தேதியைப் பெயிண்டால் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அதே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு நூல்கூட ஏறவில்லை என்றால் அடைப்பு பிடித்திருக்கிறது, அப்படியே விடுங்கள். ஏறியிருந்தால் மறுபடி அடைப்பதில் பயனில்லை, அந்த அளவோடு அரை அங்குலம் சேர்த்து வெட்டுவதா, சட்டம் போடுவதா என்று அப்போது முடிவு செய்யலாம்.